15 வருடத்தில் விதி ரேகை வளருமா? என் பழைய கைப்படியும் புதிய கைப்படியும்

இழைப்புளி
4 பிப்ரவரி 2023, இரவு 9.15

2008-இல் எனக்கு 27 வயது. தச்சு வேலை. தாய்மாமா என்னை ஒரு ரேகை பார்ப்பவரிடம் அழைத்துப் போனார். பெரியவர் வெள்ளைத் தாளைக் கற்பூரப் புகைக்கு மேல் காட்டிக் கரியேற்றி, அதில் என் வலது உள்ளங்கையை அழுத்தச் சொன்னார். பிறகு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் தாளின் பின்பக்கம் தடவிக் காயவைத்தார். கரி இன்றுவரை கையில் ஒட்டவில்லை. அன்று அவர் சொன்னது: "விதி ரேகை நடுவில் அறுந்திருக்கிறது. 35-இல் தொழில் மாறும். அதற்குப் பிறகு ஒருமுறை வா, மறுபடி பார்க்க வேண்டும்."

2016-இல், சரியாக 35 வயதில், முதுகுவலியால் பட்டறையை விட்டேன். இப்போது பிளைவுட் கடையில் கணக்கும் சரக்கும் பார்க்கிறேன். பெரியவர் காலமாகிவிட்டார். போன வாரம் வேறொருவரிடம் காட்டினேன். அவர் மையில் படி எடுத்துப் பார்த்துவிட்டு, "விதி ரேகை ஒரே ஓட்டமாக இருக்கிறதே" என்றார்.

இரண்டு படியும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. பழையதில் உள்ளங்கைக் குழியில் ஒன்றரை சென்டிமீட்டர் வெற்றிடம். புதியதில் கோடு தொடர்கிறது. புத்தி ரேகையும் நீண்டதுபோல் தெரிகிறது. அதன் நுனிக்கும் சுண்டுவிரல் பக்கத்து மடிப்புக்கும் இடையே ஸ்கேல் வைத்தால் 1 மில்லிமீட்டர் வித்தியாசம். ரேகை வளருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ரேகை பார்ப்பவர்
4 பிப்ரவரி 2023, இரவு 10.40

வளரும். 22 வருடமாகப் பார்க்கிறேன். இடது கை கொண்டுவந்தது, வலது கை நாம் சம்பாதித்தது. அதனால் வலது கைதான் மாறும். உடம்பின் தோல் முழுவதும் 7 வருடத்துக்கு ஒருமுறை புதிதாகிறது. அதனால்தான் 7 வருடம் கழித்து மறுபடி வரச் சொல்கிறோம். உங்களுக்கு இரண்டு சுற்று முடிந்துவிட்டது, ரேகை கூடிவிட்டது. நல்ல குறி.

மையுருளை
5 பிப்ரவரி 2023, காலை 6.20

காவல்துறை கைரேகைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பலன் சொல்வதைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை. தோலைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

7 வருடக் கணக்கு தவறு. மேல்தோல் ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை உதிர்ந்து புதுப்பிக்கப்படுகிறது. அப்படிப் புதுப்பித்தும் விரல் நுனியின் சுழி மாறுவதில்லை. அச்சு மேல்தோலில் இல்லை, அதன் அடியில் இருக்கிறது என்பதே காரணம். தரை உழுதிருந்தால் அதன்மேல் விரித்த துணியும் உழுத மாதிரியே கிடக்கும் அல்லவா, அதுபோல. 1858-இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்பவரின் முழு உள்ளங்கையை ஓர் ஒப்பந்தத்தில் பதிய வைத்தார். அதன்பின் தன் கையையே பல பத்தாண்டுகள் இடைவெளி விட்டுப் பதித்து ஒப்பிட்டார். வரிகள் அப்படியே இருந்தன. 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியது இந்த நம்பிக்கையின் மேல்தான்.

ஆனால் கேள்விக்காரர் கேட்பது அந்த நுண்வரிகளை அல்ல, மடிப்புகளை. ஆயுள், புத்தி, இருதய ரேகை என்று நீங்கள் சொல்லும் மூன்றும் கருவிலேயே, மூன்றாவது மாதம் முடிவதற்குள் உருவாகிவிடுகின்றன. அந்த இடங்களில் தோல் அடியில் உள்ள திசுவோடு கட்டப்பட்டிருக்கிறது. வயதாக ஆக அவை ஆழமாகலாம். இடம் பெயர்வதில்லை. விதி ரேகை அவ்வளவு உறுதியான மடிப்பு அல்ல. ஒருவருக்கு இருக்கும், ஒருவருக்கு இருக்காது.

ஸ்கேலை எடுத்து வையுங்கள். உள்ளங்கைத் தோல் அழுத்தினால் விரியும், 1 மில்லிமீட்டர் வித்தியாசம் ஒரு பொருட்டே அல்ல. பூதக்கண்ணாடி வைத்து நுண்வரிகளை எண்ணுங்கள். பெரியவர்கள் கையில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் சுமார் அரை மில்லிமீட்டர். புத்தி ரேகையின் நுனிக்குப் பக்கத்தில் இரண்டாகப் பிரியும் வரி ஒன்றைத் தேடுங்கள். அதற்கும் நுனிக்கும் இடையே எத்தனை வரி என்று இரண்டு படியிலும் எண்ணிச் சொல்லுங்கள். தோல் விரியலாம், வரிகளின் எண்ணிக்கை கூடாது.

திண்டுக்கல் மகள்
5 பிப்ரவரி 2023, மதியம் 1.05

என் அம்மாவுக்கும் இதே பிரச்சினை. 30 வருடம் சித்தாள் வேலை, சிமெண்ட் கலவை சுமந்த கை. ரேஷன் கடையில் கட்டைவிரலை வைத்தால் இயந்திரம் ஏற்பதே இல்லை. போன மாதம் இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினார். ரேகை அழிந்துவிட்டால் எந்தப் பரிகாரம் செய்ய வேண்டும்?

மையுருளை
5 பிப்ரவரி 2023, மாலை 4.30

அம்மா, இது வேறு விஷயம், ஆனால் அவசரமானது. உங்கள் அம்மாவுடைய வரிகள் அழியவில்லை, மேலே தேய்ந்திருக்கின்றன. சிமெண்ட் காரம், அது தோலை அரித்து வறட்டிவிடும். வயதும் சேர்ந்தால் வரியின் மேடு தணிந்துபோகும். இயந்திரத்துக்கு மேடும் பள்ளமும் வேறுவேறாகத் தெரிய வேண்டும். ஒரு வாரம் இரவில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். கடைக்குப் போகும் நாளில் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்துணியில் ஒற்றி, வறண்டு போவதற்குள் வைக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல்தான் என்று கட்டாயம் இல்லை. அதிகம் உழைக்காத விரல் மோதிரவிரல், அதை வைத்துப் பாருங்கள். முடியாவிட்டால் கருவிழி வழியாகச் சரிபார்க்கக் கேளுங்கள். ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பிப்பதும் நல்லது. பரிகாரத்துக்குச் செலவழிக்க வேண்டாம்.

மருந்தாலும் இப்படி ஆவது உண்டு. சிங்கப்பூரைச் சேர்ந்த 62 வயதுக்காரர் ஒருவர் புற்றுநோய்க்குக் கேப்சிடபைன் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். 2008 டிசம்பரில் அமெரிக்க விமான நிலையத்தில் விரல் பதியாமல் மணிக்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டார். மறு வருடம் மருத்துவ இதழில் வெளிவந்த செய்தி.

இழைப்புளி
6 பிப்ரவரி 2023, இரவு 11.50

எண்ணினேன். கண் எரிகிறது. புத்தி ரேகை நுனிக்குக் கீழே கவட்டை போலப் பிரியும் வரி ஒன்று இரண்டு படியிலும் இருக்கிறது. பழையதில் இடையே 11 வரி. புதியதில் 11 வரி. மூன்று முறை எண்ணிவிட்டேன். ஆக புத்தி ரேகை ஒரு மயிரளவும் நகரவில்லை.

இதைப் பார்த்தபோது என்னவோ செய்தது. 2016 வரை பட்டறையில் உளியும் சுத்தியலும் பிடித்த கை. எத்தனை முறை கிழிந்திருக்கும், எத்தனை முறை தோல் உரிந்திருக்கும். அந்தக் கவட்டை மட்டும் அதே இடத்தில் இருக்கிறது.

விதி ரேகை வெற்றிடத்துக்கு என்ன சொல்கிறீர்கள்? அங்கே எண்ணுவதற்கே வரி இல்லையே.

மையுருளை
7 பிப்ரவரி 2023, காலை 6.05

அதையே யோசியுங்கள். கோடு அறுந்திருந்தால் அங்கே நுண்வரிகள் பதிந்திருக்க வேண்டும். நுண்வரியும் இல்லை என்றால் தோல் தாளைத் தொடவே இல்லை. உள்ளங்கை நடுவே குழி. தட்டையான பலகையில் தாளை வைத்துக் கையை அழுத்தினால் குழி பதியாது. நாங்கள் தாளை உருளைக் குழாயில் சுற்றி, மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை கையை அதன்மேல் உருட்டி எடுப்போம்.

சோதித்துப் பாருங்கள். இன்றைய கையையே இரண்டு விதமாக எடுங்கள்: ஒன்று மேஜையில் தட்டையாக, ஒன்று குழாயில் உருட்டி.

ரேகை பார்ப்பவர்
7 பிப்ரவரி 2023, காலை 9.30

நான் தாளுக்கு அடியில் மடித்த துண்டு வைப்பேன், குழி பதிந்துவிடும். ஆனால் பழைய பெரியவர்கள் படியை மட்டும் பார்த்துச் சொல்ல மாட்டார்கள். கையைத் திருப்பி, அழுத்தி, நிறம் பார்த்து, மேடுகளைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்வார்கள். அவர் கண்ணுக்கு அறுபட்டே தெரிந்திருக்கலாம் இல்லையா? 35 என்று சொன்னது நடந்திருக்கிறதே.

இழைப்புளி
12 பிப்ரவரி 2023, மாலை 7.20

ஞாயிறு விடுமுறை. முத்திரை மையை உருளையால் மெல்லியதாகத் தேய்த்து ஆறு படி எடுத்தேன். மூன்று மேஜையில், மூன்று இரண்டரை அங்குலக் குழாயில் சுற்றி.

மேஜையில் எடுத்த மூன்றிலும் விதி ரேகை நடுவே வெற்றிடம். ஒன்றில் 1 சென்டிமீட்டர், மற்ற இரண்டில் அதற்குக் கொஞ்சம் குறைவு. குழாயில் எடுத்த மூன்றிலும் கோடு தொடர்கிறது. அதே கை, அதே மாலை.

இருந்தாலும் பழையதில் வெற்றிடம் ஒன்றரை சென்டிமீட்டர், இப்போது தட்டையாக எடுத்தாலும் ஒன்றுதான். மிச்சம் அரைக்கு என்ன காரணம் என்று பழைய நாளை நினைத்துப் பார்த்தேன். இழைப்புளியைத் தள்ளும்போது பின்பக்கம் உள்ளங்கையின் அடிப்பகுதியிலும் விரல்களின் வேரிலும் அழுத்தும். அந்த இரண்டு இடத்திலும் காய்ப்பு, கொட்டைப்பாக்கு போல் தடித்திருக்கும். கல்யாணமான புதிதில் மனைவி அதைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டது நினைவிருக்கிறது. சுற்றிலும் அவ்வளவு உயர்ந்தால் நடுக்குழி இன்னும் ஆழமாகத்தானே இருக்கும்? தாளைத் தொடாத பரப்பும் கூடுதலாக இருந்திருக்கும். பட்டறையை விட்ட மூன்று நான்கு மாதத்தில் காய்ப்பு உரிந்து உரிந்து போய்விட்டது. உழைப்பு கையை மாற்றியது உண்மை. மாறியது ரேகை இல்லை, ரேகையைச் சுற்றியுள்ள நிலம்.

மையுருளை
12 பிப்ரவரி 2023, இரவு 8.10

சரியான ஊகம். காய்ப்பு கடினமாக இருக்கும் இடத்தில் சின்னக் கோடுகளும் மூடிப்போகும். காய்ப்பு போனதும் அவை "புதிதாக" வந்ததுபோல் தெரியும்.

இழைப்புளி
13 பிப்ரவரி 2023, காலை 5.40

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். எல்லாமே பதிப்பின் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டேன். இரவு தூக்கம் வராமல் மறுபடி கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மோதிரவிரலுக்கு அடியில் உள்ள சூரிய மேட்டுக்குக் கீழே, இருதய ரேகையைத் தொட்டு ஒரு சின்னக் கோடு, 4 மில்லிமீட்டர். புதிய படிகளில் 8 நுண்வரிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. பழைய படியில் அதே இடம் நன்றாகப் பதிந்திருக்கிறது; அந்த 8 வரிகளும் அறுபடாமல் ஓடுகின்றன. ஒரு வரியில் வியர்வைத் துளைகூடப் புள்ளியாகத் தெரிகிறது. இந்தக் கோடு 2008-இல் இல்லை. இது புதியது.

ரேகை பார்ப்பவர்
13 பிப்ரவரி 2023, காலை 10.15

இதற்காகத்தான் மறுபடி பார்க்கிறோம். பெரிய மூன்றும் நகராது என்பது எங்கள் குருநாதருக்கும் தெரியும். தோல் கணக்கு நான் தவறாகச் சொன்னேன், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சின்னக் கோடு வரும், போகும். தீவு, குறுக்குக்கோடு, கிளை, மேட்டின் உயரம், நிறம், இவை மாறுவதைப் பார்த்துத்தான் அடுத்த சில வருடத்தைச் சொல்வது. சூரிய ரேகைத் துணுக்கு வந்தால் பெயரும் வருமானமும் கூடும்.

மையுருளை
13 பிப்ரவரி 2023, மதியம் 2.00

அவர் கண்டது உண்மையான மாற்றமாக இருக்கலாம். படிகளில் மை படாமல் வெள்ளையாகத் தெரியும் இந்த மாதிரிக் கோடுகள் வயதானால் கூடும். தோலில் நெகிழ்வு குறைகிறது, அடிக்கொழுப்பு குறைகிறது, வறட்சி சேர்கிறது. ஒரே மாதிரி மடக்கும் பழக்கம் இருந்தால் அந்த இடத்தில் மடிப்பு தங்கிவிடும். அதனால்தான் ஆளை அடையாளம் காண அவற்றை நாங்கள் முக்கியமாக எடுப்பதில்லை. என்ன பலன் என்று என்னிடம் கேட்காதீர்கள். மூன்று வாரம் எண்ணெய் தடவி மறுபடி எடுங்கள். வறட்சிக் கோடாக இருந்தால் மங்கும்.

திண்டுக்கல் மகள்
14 பிப்ரவரி 2023, இரவு 8.45

மோதிரவிரல் ஏற்றுக்கொண்டது. இடது கை. அரிசியும் பருப்பும் வாங்கிவிட்டார். கடைக்காரரே ஆச்சரியப்பட்டார். கருவிழிவரை போக வேண்டியிருக்கவில்லை.

இழைப்புளி
5 மார்ச் 2023, இரவு 9.00

எண்ணெய் மூன்று வாரம் முடிந்தது. கோடு மங்கியது, போகவில்லை. 8 வரியில் 5 வரி இன்னும் தெளிவாக வெட்டுப்பட்டிருக்கிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஆரம்பத்திலேயே கேட்டிருக்க வேண்டும். கட்டைவிரலுக்கு அடியில் உள்ள சுக்கிர மேடு பழைய படியில் வரி வரியாக நிறைந்து பதிந்திருக்கிறது. புதியதில் குழாயில் உருட்டினாலும் மணிக்கட்டுப் பக்கம் வெளுத்துப்போகிறது. தொட்டால் தட்டையாக இருக்கிறது, இடது கையைவிடக் குறைவு. புதிய படி எடுத்துப் பார்த்தவர், "சுக்கிர மேடு தணிந்திருக்கிறது, குடும்பத்தில் ஈடுபாடு குறையும்" என்றார். வீட்டில் சொல்லவில்லை. மனம் கொஞ்சம் கலங்கித்தான் இருக்கிறது.

கை வைத்தியம்
5 மார்ச் 2023, இரவு 11.10

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அரசு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். மூன்று கேள்வி. இரவில் கை மரத்து எழுந்துகொள்கிறீர்களா? எந்தெந்த விரல்? சட்டைப் பொத்தான் போடும்போது நழுவுகிறதா?

இழைப்புளி
6 மார்ச் 2023, காலை 6.15

எழுந்துகொள்கிறேன். இரண்டு வருடமாக. கையை உதறினால் சரியாகும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். சுண்டுவிரலில் இல்லை. பொத்தான் நழுவுகிறது, வெயிலுக்கு வியர்வை என்று நினைத்திருந்தேன். ரேகைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கை வைத்தியம்
6 மார்ச் 2023, மதியம் 1.20

அந்த மேடு முழுக்கத் தசை. அதன் பெரும்பகுதியை இயக்கும் நரம்பு மணிக்கட்டின் நடுவே ஒரு குறுகிய சுரங்கம் வழியாக வருகிறது. அங்கே நசுங்கினால் முதலில் நீங்கள் சொன்ன அதே விரல்கள் மரக்கும். வருடக்கணக்கில் விட்டால் தசை வற்றும், மேடு தட்டையாகும். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழ்நோக்க, மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருங்கள். மரத்தால் காலம் தாழ்த்தாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரையும் தைராய்டும் பார்க்கச் சொல்வார்கள். வற்றிய தசை அறுவைசிகிச்சைக்குப் பிறகும் முழுதாகத் திரும்பாமல் போகலாம், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

ரேகை பார்ப்பவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் தினமும் எத்தனை கை பார்க்கிறீர்கள்! எங்களிடம் வருகிறவர்கள் மேடு வற்றிய பிறகுதான் வருகிறார்கள். கும்பிடச் சொல்லுங்கள்: இரண்டு உள்ளங்கையும் விரல்களும் ஒட்டாமல் இடைவெளி விட்டால் நாள்பட்ட சர்க்கரையால் மூட்டு இறுகியிருக்கலாம். மோதிரவிரலுக்கு நேர் கீழே புதிதாகக் குழியும் கயிறு போன்ற தடிப்பும் வந்து, மேஜையில் கையைத் தட்டையாக வைக்க முடியாவிட்டால் அதுவும் நோய், புது ரேகை அல்ல. மேடு தணிந்தால் பலன் சொல்வதற்கு முன் "இரவில் மரக்கிறதா" என்று கேளுங்கள்.

ரேகை பார்ப்பவர்
6 மார்ச் 2023, இரவு 10.05

கேட்கிறேன். போன வருடம் இதே மாதிரித் தணிந்த மேட்டோடு ஒரு தையல்காரம்மா வந்தார். உற்சாகக் குறைவு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் எண் இருக்கிறது, நாளைக் காலையில் கூப்பிடுகிறேன்.

இழைப்புளி
29 மார்ச் 2023, இரவு 8.30

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நாற்பது எண்ணுவதற்குள் மரத்துவிட்டது. நரம்புப் பரிசோதனை முடிந்தது. வலது மணிக்கட்டில் நரம்பு நசுங்கல், கொஞ்சம் கடுமையானது. சர்க்கரை இல்லை. இரவில் மணிக்கட்டுப் பட்டை கட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஏப்ரலில் அறுவைசிகிச்சை பற்றி முடிவு சொல்வார்கள். வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், சுக்கிர மேடு உட்பட. மனைவி என் இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அழுத்திப் பார்த்தாள்.

35 வயதுக் கணக்கை என்னால் இன்னும் தள்ள முடியவில்லை. 27 வயதில் குனிந்து நடந்தவனைப் பார்த்து, இவன் முதுகு இன்னும் எட்டு வருடம்தான் தாங்கும் என்று பெரியவருக்குத் தோன்றியிருக்குமா? காய்ப்பைத் தொட்டுப் பார்த்தே சொன்னாரா? தெரியவில்லை. "மறுபடி வா" என்று அவர் சொன்னதால்தான் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தேன். அந்தத் தாள் இல்லாவிட்டால் மேடு எவ்வளவு நிறைந்திருந்தது என்று எனக்கே தெரிந்திருக்காது.

இன்று மறுபடி ஒரு படி எடுத்தேன், இரண்டு கையும். தாளின் ஓரத்தில் தேதி, குழாயின் அளவு, கடைசியாக எண்ணெய் தடவிய நாள், பட்டை கட்டத் தொடங்கிய நாள் எல்லாம் எழுதியிருக்கிறேன். அந்த 4 மில்லிமீட்டர் கோடு அப்படியே இருக்கிறது.

மையுருளை
30 மார்ச் 2023, காலை 6.00

எந்தக் கையால் அழுத்தம் கொடுத்தீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள். அறுவைசிகிச்சை நடந்தால் தையல் ஆறி ஆறு மாதம் கழித்து எடுங்கள், அதற்கு முன் வீக்கம் இருக்கும். எண்ண உதவி வேண்டுமானால் படியை ஸ்கேன் செய்து அனுப்புங்கள்.